வீட்டு விலைப் பேச்சும் மொழிபெயர்ப்பும்

காவியத்தை மொழிபெயர்ப்போர் பிழை செய்தால் அதனைக் கண்டு கூறப் புலவர் பலர் உளர். ஒரு வீட்டின் விலையைப் பற்றி இருவர் எழுதிக்கொள்ளும் நாலு வரிச் செய்தியைப் பெயர்ப்போர் பிழை செய்தாலோ, அதனை உடனே கண்டு கூற ஒருவரும் இலர். விற்பவர் தமிழையே வாசிப்பவர். வாங்குபவர் ஆங்கிலத்தையே வாசிப்பவர். ஒருவர் எழுதியதை மற்றவர் மூலத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க இயலாது. பிழை வெளிப்படும்போது பெரும்பாலும் மனத்தாங்கலாகவே வெளிப்படும். என் கைக்கு வந்த ஒரு பேச்சுவார்த்தையைக் கொண்டு இதனை விளக்க விரும்புகின்றேன்.

விற்பவர் யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில் வாழும் முதிய அம்மையார். வாங்க விரும்பியவர் இங்கிலாந்தில் வளர்ந்தவர். இலங்கைக் குடியுரிமையும் உடையவர். அவருடைய பேரனார் அம்மையாரின் ஊரவர். தமிழை அவர் ஓரளவு கேட்டு விளங்குவார், வாசிக்க அறியார். அம்மையார் கைத்தொலைபேசியில் எழுதுவித்த முதற் செய்தி இது:

“தம்பி, உங்கள் கடிதம் கிடைத்தது. காணி நாலரைப் பரப்பு. இங்கே இப்போது பரப்பு இருபத்தைந்து என்று போகிறது. வீட்டுக்கு நாங்கள் தனியாக விலை சொல்லவில்லை, பார்த்துச் செய்யுங்கள். கிணறு பங்குக் கிணறு. பிள்ளைகளோடும் பேசித்தான் நாங்கள் முடிவு சொல்ல வேண்டும்.”

இதனை உறவினரான ஓர் இளைஞர் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார். அவர் ஆங்கிலம் நன்கு கற்றவர். இலக்கணப் பிழை ஒன்றும் விடவில்லை. ஆயின், காணி நாலரை ‘லாச்சம்’ என்றும், விலை இருபத்தைந்து ‘லாக்’ என்றும் அவர் எழுதியிருந்தார். பரப்பு என்பதனை ஆங்கில உறுதிகளில் ‘லாச்சம்’ என்று எழுதுவது நம் நொத்தாரிசுமாரின் பழைய வழக்கம். இலண்டனில் இருந்தவருக்கோ அச்சொல் புதிது. முழுச் சொத்துக்கும் இருபத்தைந்து இலட்சம் ரூபா என்று அவர் கொண்டார்; மகிழ்ந்து, அவ்விலைக்கே வாங்கச் சம்மதம் என்று உடனே பதில் எழுதினார். தம் வீட்டையும் நாலரைப் பரப்புக் காணியையும் ஒரு பரப்பின் விலைக்குக் கேட்கின்றார் என்று அம்மையார் எண்ணினார். ஒரு மாதம் பதிலே இல்லை. அதன் பின்னரே செய்திகள் இரண்டும் என்னிடம் வந்தன.

இப்பிழை எங்கே பிறந்தது? தமிழில் விலை பேசுவோர் விளங்கியதை விட்டுச் சொல்வர். ‘பரப்பு இருபத்தைந்து’ என்னும்போது ‘ஒவ்வொரு’ என்பதும் ‘இலட்சம் ரூபா’ என்பதும் சொல்லாமலே நிற்கின்றன. கேட்பவர் ஊரவராயின் அவர் உள்ளத்தில் அவை தாமே வந்து சேரும். ஊரவர் அல்லாதவருக்கு எழுதும்போது தொக்கு நிற்பவற்றை விரித்து எழுதுவது மொழிபெயர்ப்பாளர் கடன். இது மூலத்திற்குக் கூடுதலாக ஒன்றைச் சேர்ப்பதாகாது. மூலத்தில் உள்ளதையே கண்ணுக்குப் புலப்படுத்துவதாகும். ஒரு வரகுப் பரப்பு பத்துப் பேர்ச்; பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே நாலரைப் பரப்பு 45 பேர்ச். பரப்பு 25 இலட்சமாயின் காணி மாத்திரம் 1 கோடி 12 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா. ஆங்கிலத்தில் அதனை 11.25 மில்லியன் என்று எழுதுவதோடு நில்லாது, எண்ணை முழுமையாக, 11,250,000 என்று, எழுதிவிடுவது நன்று. கோடிக்கும் மில்லியனுக்கும் இடையில் ஒரு சுழியம் தவறுவது மிக எளிது. நெற்காணிக்கு வழங்கும் பரப்பு இதனிலும் சிறியது. ஆதலால் உறுதியில் எந்தப் பரப்பு எழுதப்பட்டுள்ளது என்று பார்த்த பின்னரே கணக்கிடல் வேண்டும்.

அடுத்தது ‘பார்த்துச் செய்யுங்கள்’ என்னும் தொடர். உங்கள் விருப்பம்போல் தாருங்கள் என்று இதனைப் பெயர்த்தால், வீட்டுக்குத் தனிப்பணம் வேண்டாம் என்று வாங்குபவர் விளங்கக்கூடும். அம்மையாரின் கருத்து அதற்கு மாறானது. காணியின் விலைக்கு மேல் வீட்டுக்கென ஒரு தொகை வரவேண்டும். அதனைத் தாமே வாய்விட்டுக் கேட்க விரும்பவில்லை. நீரே முதலிற் சொல்லும் என்பது பொருள். முன்னே வைத்த ‘தம்பி’ என்ற விளியும் இதனோடு சேர்ந்தது. அவ்விளியை ஆங்கிலத்தில் உடன்பிறந்தவன் என்று எழுதுவது நகைப்புக்கு இடமாகும்; முற்றாக விட்டுவிட்டாலோ, உறவு பாராட்டிப் பேசுகின்றேன், நீரும் அவ்வாறே நடந்துகொள்ளும் என்ற குறிப்பு மறைந்துபோம். யான் செய்தது இதுவே: வீட்டின் விலையை அம்மையார் குறிப்பிடவில்லை, காணி விலையின்மேல் நீங்கள் ஒரு தொகை கூறுவீர்கள் என்று எதிர்பார்க்கின்றார் என எழுதினேன். ‘தம்பி’ என்பதை அவ்வாறே ஆங்கில எழுத்தில் வைத்து, மூத்தோர் இளையோரை அன்புடன் அழைக்கும் சொல் இது என்று செய்தியின் கீழே, செய்தியிலிருந்து பிரித்து, ஒரு குறிப்பு வரைந்தேன். அம்மையாரின் சொல் எது, என் விளக்கம் எது என்பது வாங்குபவருக்குத் தெரிதல் வேண்டும். இரண்டையும் கலந்துவிடும் மொழிபெயர்ப்பாளன் தன்னை அறியாமலே மூன்றாவது பேச்சாளன் ஆகிவிடுகின்றான்.

பிள்ளைகளோடு பேச வேண்டும் என்ற வாக்கியத்தை வாங்குபவர் காலங் கடத்தும் தந்திரமாகக் கருதியிருந்தார். ஆங்கிலத்தில் அது அவ்வாறே ஒலித்தது. அம்மையார் தேசவழமைக்கு உட்பட்டவர். 1947ஆம் ஆண்டின் தேசவழமை முன்கொள்வனவுச் சட்டப்படி, இத்தகைய சொத்தை வேறொருவருக்கு விற்கும்போது உடன் உரித்தாளருக்கும், விற்பவர் விருப்பாவணமின்றி இறந்தால் உரிமை பெறக்கூடியவருக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களை விலக்கி நடந்த விற்பனை பின்னர் நீதிமன்றத்தில் வினாவுக்கு உள்ளாகலாம். எனவே அவ்வாக்கியம் வாங்குபவரின் நலனையும் காப்பது. இதனையும் கீழ்க்குறிப்பில் எழுதி, சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டு உறுதிசெய்க என்றும் சேர்த்தேன். மொழிபெயர்ப்பாளன் சட்டம் உரைக்கப் புகுதல் கூடாது. எங்கே சட்டம் மறைந்து நிற்கின்றது என்று சுட்டிக்காட்டலாம்.

பின்னர் வாங்குபவரிடமிருந்து ஆங்கிலத்தில் மறுமொழி வந்தது. காணிக்கும் வீட்டுக்குமாக 14 மில்லியன் ரூபா தர ஆயத்தம், இது ‘சேவே’க்கும் பிள்ளைகளின் சம்மதத்துக்கும் உட்பட்டது, இதுவே தம் ‘பெஸ்ற் ஒஃபர்’ என்பது அதன் சாரம். ‘சேவே’ என்றதும் எவரும் நில அளவை என்றே தமிழில் எழுதுவர். நானும் அவ்வாறு எழுதத் தொடங்கிப் பேனாவை நிறுத்தினேன். இங்கே நில அளவை என்றால் எல்லை அளத்தல். வேலியைப் பற்றி ஐயுறுகின்றார் என்று அம்மையார் எண்ணுவார். அயலவர் காதுக்கும் அது எட்டும். யாழ்ப்பாணத்தில் வேலிப் பேச்சு எத்துணைக் கொடியது என்பதை வாசகருக்குக் கூற வேண்டுவதில்லை. இங்கிலாந்தில் வீடு வாங்குவோர் அச்சொல்லால் பெரும்பாலும் கட்டடத்தின் நிலையை வல்லுநர் ஒருவர் சோதித்தலையே குறிப்பர். எழுதிக் கேட்டேன், கட்டடச் சோதனையே தாம் கருதியது என்றார். ஆகவே, “ஒரு பொறியியலாளர் வீட்டின் கூரை, சுவர், மரவேலை ஆகியவற்றைப் பார்வையிட்டு அறிக்கை தந்த பின்னரே எங்கள் சம்மதம் முடிவாகும்” என்று தமிழில் அமைத்தேன். நிபந்தனை வாக்கியத்தின் நடுவே புதையாது, தனி வாக்கியமாக நிற்பதைக் காண்க. விலையை வாசித்து மகிழ்ந்தவர் பின்னால் வரும் ‘ஆயின்’ என்பதனை எளிதில் தவறவிடுவர்.

‘பெஸ்ற் ஒஃபர்’ என்பதைச் ‘சிறந்த விலை’ என்றால் அது தன்னைத் தானே புகழ்தல்போல் ஒலிக்கும். ‘கடைசி விலை’ எனலாமோ? நம் சந்தையில் ‘கடைசியாக என்ன சொல்லுகிறீர்கள்?’ என்று கேட்பது பேச்சின் தொடக்கமேயன்றி முடிவன்று. “இதற்குமேல் எங்களால் இயலாது” என்று எழுதினேன். இவ்விடத்தில் யான் செய்த தவறு ஒன்றையும் கூறவேண்டும். இத்தொகை உண்மையில் எல்லைதானா என்று அவரை முன்னரே கேட்டுவிட்டேன். அவரும் இன்னும் சிறிது ஏறலாம் என்று கள்ளமின்றி எழுதிவிட்டார். அதை அறிந்த பின் அம்மையாரின் முகம் பார்த்துப் பேசுவது எனக்குக் கடினமாயிற்று. சொல்லின் பொருளைக் கேட்கலாம். பணப்பையின் ஆழத்தைக் கேட்டிருக்கக் கூடாது. அம்மையாருக்கு அதனை யான் கூறவில்லை. அவர் எழுதிய தமிழையும் அந்த அறிவு கொண்டு வன்மையாகவோ மென்மையாகவோ மாற்றாதிருக்க, ஒவ்வொரு வரியையும் இருமுறை ஒப்பிட்டுப் பார்க்க நேர்ந்தது.

அம்மையாரின் விடை மூன்று சொற்களே: “சரி தம்பி, பார்ப்போம்.” அவர் பயன்படுத்திய சொற்களுள் எனக்கு மிகுந்த அச்சம் தந்தவை இவையே. ‘சரி’ என்பதைச் சம்மதம் என்று பெயர்த்தால் மறுநாளே முற்பணம் வந்துவிடும். உண்மையில், கேட்டுக்கொண்டேன் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ‘பார்ப்போம்’ என்பதோ மறுப்பும் அன்று, ஏற்பும் அன்று. “உங்கள் செய்தி கிடைத்தது, யோசித்து வருகின்றேன், இன்னும் சம்மதிக்கவில்லை” என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதி, அனுப்புமுன் அதனை மீண்டும் தமிழாக்கி அம்மையாருக்கு வாசித்துக் காட்டினேன். “அதைத்தானே நானும் சொன்னனான்” என்றார். இவ்வாறு திருப்பி வாசித்துக் காட்டுவதனிலும் நம்பத்தக்க சோதனை ஒன்றை யான் அறியேன். பிழையிருப்பின், எழுதுவித்தவர் முகம் அதனை உடனே காட்டிவிடும்.

ஆயினும் வாங்குபவர் முற்பணம் அனுப்ப ஆவலுற்றார். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டப்படி, காணி விற்பனையும் அதற்கான உடன்படிக்கையும் எழுத்தில் அமைந்து, நொத்தாரிசின் முன்னும் இரு சாட்சிகளின் முன்னும் ஒப்பமிடப்பட்டாலன்றிச் செல்லா. கைத்தொலைபேசியில் இருவரும் ‘சம்மதம்’ என்றே எழுதியிருந்தாலும் வீட்டைக் கோரும் உரிமை அதனாற் பிறவாது. என் மொழிபெயர்ப்பை நம்பிப் பணம் அனுப்ப வேண்டாம் என்று அவருக்கு வெளிப்படையாக எழுதினேன்.

பிள்ளைகள் இசைந்தனர், பொறியியலாளரும் வந்து சென்றார். உறுதியின் வரைவு ஆயத்தமாகி, அதன் பொருளை ஆங்கிலத்தில் எழுதித் தருமாறு வாங்குபவர் கேட்டபோதுதான் அந்தப் பங்குக் கிணறு மீண்டும் தலைகாட்டிற்று. ஊரார் எல்லோரும் நீர் அள்ளும் பொதுக் கிணறு என்று அவர் அத்தனை நாளும் எண்ணியிருந்தார். கிணறு அயற்காணியில் இருந்தது. இச்சொத்துக்கு அதில் அரைப்பங்கும், அங்கே போய்வரும் வழியும், நீர் அள்ளும் உரிமையும் உண்டு. முதற் செய்தியில் ‘பங்குக் கிணறு’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டு, தெளிவானது என்று நானும் கடந்துபோயிருந்தேன். வரைவில் அவ்வரியின் கீழ் அவர் கோடிட்டு, மற்றைய அரைப்பங்கு யாருடையது, கிணறு இறைக்கும் செலவை யார் கொடுப்பர் என்று கேட்டிருந்தார். அக்கேள்வியைத் தமிழில் எழுதிக்கொண்டு அன்று மாலையே அம்மையாரிடம் சென்றேன்.