விடிகாலை மூன்று மணிக் கீச்சொலி

அமெரிக்காவில் குளிர்காலத்தில் பலரை விடிகாலை மூன்று மணிக்கு எழுப்புவது கூரையிலிருந்து வரும் ஒற்றைக் 'கீச்'. எழுந்து பார்த்தால் தீயும் இல்லை, புகையும் இல்லை. படுத்துக் கண்ணயரும்போது மறுபடி அதே கீச். ஸ்மோக் டிடெக்டரின் பேட்டரி தீரப்போகிறது. பகலெல்லாம் பேசாமல் இருந்த கருவி, இந்த நேரத்தில் ஏன் கத்துகிறது?

முதலில் அது புகையை அறியும் விதத்தைப் பார்ப்போம். ஒரு வகைக் கருவிக்குள் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள், ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, இருக்கிறது. அதன் கதிர்கள் இரண்டு தகடுகளுக்கு இடையிலுள்ள காற்றை மின்னேற்றுவதால் மிக மெல்லிய மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். புகைத்துகள்கள் உள்ளே வந்து மின்னேறிய காற்றோடு ஒட்டிக்கொண்டால் அந்த ஓட்டம் குறையும். உடனே அலாரம் அலறும்.

இன்னொரு வகை ஒளியை நம்புகிறது. இருட்டறை ஒன்றில் ஒரு சிறு விளக்கு; அதன் ஒளி நேராகப் படாத மூலையில் ஓர் உணரி. ஓட்டு இடுக்கில் விழும் வெயிலில் தூசி மினுங்குவதைப் பார்த்திருப்போம். அதேபோலப் புகை ஒளியைச் சிதறடிக்க, உணரிக்கு அது தெரிந்துவிடுகிறது. சோபாவின் பஞ்சு கனன்று புகைவதை இந்த வகை சீக்கிரம் பிடிக்கும். காகிதம் குப்பென்று பற்றி எரிவதை முதல் வகை. குளியலறை நீராவியும் ஒளியைச் சிதறடிக்கும் என்பதால் அதன் வாசலருகே மாட்டக்கூடாது.

காவல் காக்க இந்தக் கருவிக்கு மிகச் சொற்ப மின்சாரமே போதும். அலறுவதற்கோ அதைப்போலப் பல ஆயிரம் மடங்கு வேண்டும். காவலுக்குப் போதும், கத்தப் போதாது என்ற நிலையில் உள்ள பேட்டரிதான் ஆபத்தானது. அதனால் கருவியின் சில்லு அவ்வப்போது ஒரு கணம் பேட்டரிமேல் சுமையேற்றிப் பார்க்கிறது. 9 வோல்ட் பேட்டரி அப்போது ஏறக்குறைய ஏழரை வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால், நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை கீச்சிடும்.

குளிரில் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகி, உள்மின்தடை கூடுகிறது. ஹீட்டரைத் தணித்துவிட்டுத் தூங்கிய வீடு மூன்று மணிக்குள் நன்றாகக் குளிர்ந்திருக்கும். பகலில் எல்லைக்குச் சற்று மேலே தத்தளித்த பேட்டரி அப்போது சோதனையில் தோற்கிறது. காலையில் வீடு சூடானதும் கீச்சு நின்றுவிடலாம். சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. பேட்டரியை அன்றே மாற்ற வேண்டும்.

கீச்சு மிகக் குறுகியது என்பதால் எந்த அறையிலிருந்து வருகிறதென்று காதுக்குப் பிடிபடாது. ஒவ்வொரு கருவிக்கும் கீழே ஒரு நிமிடம் நின்று பார்ப்பதே வழி. புதுப் பேட்டரி போட்ட பிறகும் கீச்சிட்டால், கழற்றிப் பின்புறத்தில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள்: 10 ஆண்டு கடந்திருந்தால் கருவியையே மாற்றிவிட வேண்டும்.