ஜிம்முக்கு லீவு விட்டா கிரியேட்டினையும் நிறுத்தணுமா?

தீபாவளிக்கு ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டுக்குப் போறீங்க. ஒரு வாரம் ஜிம் கிடையாது. கிரியேட்டின் டப்பாவைப் பையில் வைக்கணுமா, வேண்டாமா?

மறந்துட்டுப் போனாலும் பெரிய நட்டம் இல்லை. கிரியேட்டின் குடித்தவுடன் வேலை செய்து அன்றே தீர்ந்துவிடும் பொருள் அல்ல. தசையில் சேமிப்பாகத் தங்குவது. உடலில் இருப்பதில் ஏறக்குறைய 1.7 சதவீதம் தினமும் கிரியேட்டினினாக மாறி சிறுநீரில் போய்விடும். அதில் ஒரு பகுதியை உடலே தயாரித்துக்கொள்ளும், மீதி இறைச்சி, மீனிலிருந்து வரும். நீங்கள் பவுடரால் ஏற்றிவைத்த கூடுதல் சேமிப்பு வடிந்து பழைய நிலைக்கு வர 4 முதல் 6 வாரம் ஆகும். ஆகவே ஏழு நாளில் குறைவது கொஞ்சம்தான்.

எடையைக் குறைத்துப் பயிற்சி செய்யும் டீலோட் வாரத்திலும் இதே கணக்குதான். அப்போது வீட்டில்தானே இருக்கீங்க, வழக்கமான 3 முதல் 5 கிராமைத் தொடருங்கள். நிறுத்துவதால் எந்த லாபமும் இல்லை.

தைப்பூச விரதம் வேறு கதை. சிலர் 48 நாள் சைவம் இருப்பார்கள். இறைச்சியும் இல்லை, பவுடரும் இல்லை என்றால் இரண்டு வழியும் அடைபடும். அதற்குள் கூடுதல் சேமிப்பு முழுக்கத் தீர்ந்துவிடும். சாதாரண கிரியேட்டின் பவுடர் ஆலையில் வேதிப்பொருள்களிலிருந்து செய்யப்படுவது, மாமிசம் அல்ல. கேப்சூலாக இருந்தால் மட்டும் உறை ஜெலட்டினா என்று லேபலைப் பாருங்கள்.

காயம்பட்டால்தான் நிறுத்திவிடத் தோன்றும். 'பயிற்சியே இல்லை, எதுக்கு?' என்று. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு உதவும். 22 இளம் தன்னார்வலர்களின் வலது காலில் இரண்டு வாரம் கட்டுப் போட்டார்கள். பாதிப்பேருக்குக் கிரியேட்டின், மீதிப்பேருக்கு வெறும் போலிப் பொடி. கட்டு இருந்தவரை இரு தரப்புக்கும் தசை ஒரே மாதிரி சுருங்கியது. கட்டைப் பிரித்தபின் நடந்த 10 வாரப் பயிற்சியில்தான் வித்தியாசம்: கிரியேட்டின் எடுத்தவர்களின் தசையும் பலமும் வேகமாகத் திரும்பின. அதாவது, படுத்திருக்கும்போது அது தசையைக் காப்பாற்றும் என்று நம்பாதீங்க. எழுந்து பயிற்சி தொடங்கும்போதுதான் கைகொடுக்கும். ஃபுட்பால் ஆடிக் கணுக்கால் பிசகி இரண்டு வாரம் ஓய்வென்றால், நிறுத்தாமல் தொடர்வது நல்லது.

நிறுத்தினால் எடை ஒரு கிலோ வரை இறங்கலாம். பெரும்பாலும் அது தசைக்குள் இருந்த தண்ணீர்தான். மறுபடி தொடங்கும்போது ஒரே நாளில் 20 கிராம் ஏற்ற வேண்டியதில்லை. தினம் 3 கிராம் எடுத்தாலே நான்கு வாரத்தில் சேமிப்பு நிரம்பிவிடும்.

காயத்துக்காக மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்தால், கிரியேட்டின் எடுப்பதை டாக்டரிடம் சொல்லிடுங்க. இல்லாவிட்டால் சற்றே ஏறிய கிரியேட்டினின் அளவைச் சிறுநீரகக் கோளாறு என்று நினைக்க வாய்ப்புண்டு. ஏற்கெனவே சிறுநீரக நோய் இருப்பவர்கள், டாக்டரைக் கேட்காமல் டப்பாவையே திறக்க வேண்டாம்.