கடனோடு ஒட்டி வந்த பாலிசி

ஐந்து லட்சம் ரூபாய் தனிநபர் கடன் கேட்டவருக்குக் கணக்கில் வந்தது 4,91,000 ரூபாய்தான். மீதி 9,000 ரூபாய் ஓராண்டு மருத்துவக் காப்பீட்டுக்குப் போயிருந்தது. வட்டியோ முழு ஐந்து லட்சத்துக்கும் ஓடும். கையெழுத்திட்ட தாள்களுக்கு நடுவே அந்தப் பாலிசிக்கான ஒப்புதலும் இருந்திருக்கிறது. சேமிப்புக் கணக்கிலும் இப்படிப் பிரீமியம் கழிவதுண்டு.

"பாலிசி எடுத்தால்தான் கடன்" என்று வங்கி கட்டாயப்படுத்தக் கூடாது. வேண்டாமென்றால், பாலிசி ஆவணம் கைக்கோ மின்னஞ்சலுக்கோ வந்து சேர்ந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் ரத்து செய்யலாம். இதற்கு ‘ஃப்ரீ லுக்’ காலம் என்று பெயர்.

வங்கிக் கிளையில் வாய்மொழியாகச் சொன்னால் போதாது. பாலிசி எண்ணைக் குறிப்பிட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்பி, வங்கிக்கும் நகல் அனுப்புங்கள். பாதுகாப்பு தொடங்கி 12 நாள் ஆகியிருந்தால், அந்த நாட்களுக்கான சுமார் 300 ரூபாயும், முத்திரைக் கட்டணமும், மருத்துவப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் செலவும் கழித்து மீதி திரும்பும். வந்த பணத்தைக் கடன் அசலில் வரவு வைக்கச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் தானாகப் பிரீமியம் கழியும் அனுமதியையும் நீக்கச் சொல்லுங்கள்.

30 நாள் கடந்துவிட்டாலும், க்ளெய்ம் எதுவும் வாங்காத ஓராண்டுப் பாலிசியை 7 நாள் முன்னறிவிப்போடு ரத்து செய்து, எஞ்சிய காலத்துக்கான பிரீமியத்தைப் பெறலாம்.

காப்பீட்டு நிறுவனம் மறுத்தால், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘பீமா பரோசா’ தளத்தில் புகார் பதியலாம். எழுத்துமூலப் புகாருக்கு ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.