மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சா, வெப்பத் தடுப்பா?

சென்னையில் மே மாதம் மேல் மாடியில் குடியிருப்பவர்களுக்கு ஓர் அனுபவம் பொதுவானது. வெயில் தாழ்ந்து மணி ஒன்பது ஆனபின்னும் கூரை அனலாய்க் கொதிக்கும். பகலில் குடித்த வெப்பத்தைக் கான்கிரீட் தளம் மெல்ல மெல்ல உள்ளே இறக்கும் நேரம் அதுதான். இதைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. வெயிலைத் தளம் குடிக்காமல் திருப்பி அனுப்புவது வெள்ளைப் பூச்சு. குடித்த வெப்பம் கீழே இறங்காமல் மறிப்பது வெப்பத் தடுப்புப் பலகை.

சென்னையில் 12 அடிக்கு 10 அடி அளவுள்ள ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம், அதன்மேல் மூன்று அங்குலச் செங்கல் ஜல்லி, அதற்கும் மேல் தட்டோடு. பழகிப்போன தட்டோடு வெயிலில் சுமார் 30 சதவீதத்தையே திருப்பி அனுப்பும். வெளியே நாள் சராசரி 33 டிகிரி, ஏசி வைத்திருப்பது 27 டிகிரி என்று கொண்டால், கூரை வழியாக மட்டும் ஒரு நாளில் ஏறத்தாழ 7 யூனிட் அளவு வெப்பம் அறைக்குள் இறங்குகிறது. அதை வெளியேற்ற ஏசிக்குச் சுமார் இரண்டேகால் யூனிட் மின்சாரம் வேண்டும்.

இந்தத் தளத்துக்கு நல்ல வெள்ளைப் பூச்சு அடித்தால், புதிதில் 80 சதவீத வெயில் திரும்பிவிடும். உள்ளே வருவது 3 யூனிட்டுக்கு இறங்கும். ஆனால் தூசியும் மழைக்காலப் பாசியும் படிந்து, சில ஆண்டுகளில் அந்த 80 சுமார் 60 ஆகிவிடும். அப்போது வரும் வெப்பம் நாலரை யூனிட். பூச்சை வாங்கும்போது புதிய எண்ணை நம்பாமல் இந்தப் பழைய எண்ணை வைத்தே கணக்குப் போட வேண்டும்.

பூச்சுக்குப் பதிலாக இரண்டு அங்குல எக்ஸ்பிஎஸ் பலகை பதித்தால் வெப்பம் ஒன்றரை யூனிட்டுக்கும் கீழே போய்விடும். அந்தப் பலகையின்மேல் வெள்ளையும் அடித்தால் சுமார் ஒரு யூனிட். ஆக, பலகை இருக்கும் கூரையில் வெள்ளை தரும் கூடுதல் லாபம் சொற்பம். பலகை இல்லாத கூரையில் அது பெரியது. இவை தோராயக் கணக்குகள்தான். ஆனாலும் வரிசை மாறாது.

நாள் முழுக்க ஏசி ஓடும் அலுவலகம், மருத்துவமனை போன்ற இடங்களுக்குப் பலகை பொருந்தும். ஏசி இல்லாத வீட்டுக்கு வெள்ளைதான் முதலில். பலகை பதித்த கூரை பகல் வெப்பத்தை மறிக்கும். ஆனால் சமையல், மின்விசிறி, மனிதர்கள், சுவர் வழியே வந்த சூடு இவையெல்லாம் இரவில் கூரை வழியே வானத்துக்குப் போவதையும் அதுவே மறித்துவிடும். வெள்ளைக் கூரை அப்படி எதையும் அடைக்காது. இரவில் மட்டும் ஏசி போடுகிறவர்களும் அதிலிருந்தே தொடங்கலாம். பகலில் தளம் குறைவாகச் சூடேறினால் இரவில் ஏசி குளிர்விக்க வேண்டிய கான்கிரீட்டின் சூடும் குறைவு.

தவறுகள் இரண்டு இடங்களில் நேர்கின்றன. ஒன்று, பளபளக்கும் அலுமினியப் பூச்சு. அது வெயிலை ஓரளவு திருப்பும். ஆனால் தான் வாங்கிய சூட்டைக் கதிராக வெளியே விடுவதில் மந்தம். அதனால் வெள்ளையைவிட அதிகம் சுடும். அகச்சிவப்பு வெப்பமானியால் அதை அளந்தால் குறைவான வெப்பம் காட்டி ஏமாற்றும். மற்றொன்று, பலகை பதிக்கும் முன் நீர்க்கசிவைச் சரிசெய்யாதது. பிற்பாடு எங்கோ விரிசல் விட்டால் தண்ணீர் பலகைக்கு அடியில் ஓடி வேறெங்கோ சொட்டும். மூலத்தைக் கண்டுபிடிக்கத் தளத்தையே பெயர்க்க வேண்டிவரும். நீர்த்தடுப்புப் போட்டு, தண்ணீர் தேக்கிச் சோதித்த பிறகே பலகை பதிக்க வேண்டும். மேலே கான்கிரீட் பூச்சோ ஓடோ இல்லாவிட்டால் நடமாட்டத்தில் பலகை நசுங்கிப் போகும்.

வெள்ளைப் பூச்சை வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், பாசியைச் சுரண்டிக் கழுவி, நன்றாகக் காயவிட்டு இரண்டு கோட் அடிப்பது நல்லது. ஆண்டுதோறும் கோடைக்கு முன்பு ஒருமுறை கழுவினால் இழந்த வெண்மையில் பெரும்பகுதி திரும்பும்.

செலவு செய்யும் முன் ஒரு சோதனை. இரவு ஒன்பது மணிக்கு அறையின் உட்கூரையையும் சுவர்களையும் வெப்பமானியால் அளந்து பாருங்கள். கூரை மற்றவற்றைவிட சில டிகிரி கூடுதலாக இருந்தால் மேற்சொன்ன வேலை பலன் தரும். மேற்குச் சுவரும் அதே அளவு சுட்டால், கூரையை மட்டும் வெள்ளையடித்துப் பயன் பாதிதான். அந்தச் சுவருக்கும் ஜன்னலுக்கும் நிழல் கொடுக்கும் செலவையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.