ஒரே பொருள், ஒரே நாள், ஒரே விலை: எனக்குப் பணம் வந்தது, அத்தானுக்கு வரவில்லை

2024 பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை, லெஸ்டரில் அக்கா வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருந்தபோது, நான்தான் அந்த விளம்பரத்தை அத்தானிடம் காட்டினேன். காகிதம் போன்ற திரை, கண் கூசாது, பேனாவால் நோட்டில் எழுதுவது போலவே எழுதலாம். என் மகளுக்குத் தமிழ் எழுதிப் பழக நல்லது என்று எனக்கு ஆசை. அத்தானுக்கு ராத்திரியில் படிக்க ஒரு கருவி வேண்டும். விலை 289 பவுண்ட். இப்போது பணம் கட்டினால் ஜூன் 30க்குள் வீட்டுக்கு வரும் என்று போட்டிருந்தார்கள்.

"நீ எஞ்சினியரு, நீ சொன்னா சரிதான் மாப்ளே" என்றார் அத்தான். 2024 பிப்ரவரி 10 அன்று, ஒரே சோபாவில் உட்கார்ந்து, இரண்டு பேரும் ஆளுக்கு ஒன்று ஆர்டர் செய்தோம். ஒரே ஒரு வித்தியாசம்தான். நான் கிரெடிட் கார்டு எண்ணை நேராக விற்பவரின் தளத்தில் போட்டேன். அத்தானுக்குக் கார்டு எடுக்க எழுந்து போகச் சோம்பல். போனில் இருந்த வாலட்டில் ஒரு தட்டு தட்டினார். அந்த வாலட் அவருடைய வங்கிக் கணக்கோடு நேராக இணைக்கப்பட்டிருந்தது.

அந்தக் கருவி இன்று வரை எங்கள் இருவருக்கும் வரவில்லை. என் 289 பவுண்ட் திரும்பி வந்துவிட்டது. அவருடையது வரவில்லை. அதற்குக் காரணம் விற்றவர் மட்டும் இல்லை, நானும்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஜூன் 30 போனது. ஜூலை 12ஆம் தேதி ஒரு மின்னஞ்சல் வந்தது. திரை தயாரிக்கும் தொழிற்சாலையில் தாமதமாம், இன்னும் ஆறு வாரம் ஆகுமாம், பொறுமைக்கு நன்றியாம். அத்தான் போன் செய்தார். "என்னப்பா, பணத்தத் திருப்பிக் கேட்டுருவமா?" நான் பெரிய மேதாவி மாதிரி சொன்னேன்: "ஹார்டுவேர்னா இப்படித்தான் அத்தான் இருக்கும். ஆறு வாரம்தானே, பொறுங்க." அவரும் பொறுத்தார். ஆகஸ்ட் 23 வந்தது, போனது. அதன் பிறகு விற்றவரிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. நான் அனுப்பிய மூன்று மின்னஞ்சல்களுக்கும் பதில் இல்லை.

செப்டம்பரில்தான் உட்கார்ந்து விதிகளைப் படித்தேன். படிக்கப் படிக்க வயிற்றைக் கலக்கியது. முன்பதிவில் பணம் கட்டிய நிமிஷத்திலிருந்தே ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பது, நாம் எந்த வழியில் பணம் கட்டினோம் என்பதைப் பொறுத்தது.

அத்தான் பயன்படுத்திய வாலட்டில், பொருள் வரவில்லை என்று புகார் செய்ய 180 நாள் அவகாசம். ஆறு மாசம் என்றால் தாராளம்தானே என்று தோன்றும். ஆனால் அது பணம் கட்டிய நாளிலிருந்து எண்ணப்படுகிறது, பொருள் வர வேண்டிய நாளிலிருந்து அல்ல. பிப்ரவரி 10லிருந்து 180 நாள் என்றால் ஆகஸ்ட் 8. விற்றவர் கேட்ட ஆறு வார அவகாசமோ ஆகஸ்ட் 23 வரை. அதாவது, அந்த மரியாதையான தாமதக் கடிதத்தை நம்பிக் காத்திருந்த யாருக்கும் வாலட்டின் கதவு பதினைந்து நாள் முன்பே மூடிவிட்டது. நான் "பொறுங்க அத்தான்" என்று சொன்ன அன்று அவருக்கு 27 நாள் மிச்சம் இருந்தது.

கார்டுக்குக் கணக்கு வேறு. விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் சார்ஜ்பேக் என்றொரு வழி இருக்கிறது. நம் வங்கி, விற்றவரின் வங்கியிடமிருந்து பணத்தைத் திரும்ப இழுப்பது. டெபிட் கார்டுக்கும் இது உண்டு. பொருள் வரவில்லை என்ற புகாருக்கு 120 நாள் அவகாசம், ஆனால் அது பொருள் வருவதாகச் சொன்ன நாளிலிருந்து எண்ணப்படும். ஜூன் 30லிருந்து 120 நாள் என்றால் அக்டோபர் 28. எனக்கு நேரம் இருந்தது. இதற்கும் ஒரு மேல் எல்லை உண்டு: பணம் கட்டிய நாளிலிருந்து 540 நாளைத் தாண்டக் கூடாது. இரண்டு வருஷம் இழுக்கும் முன்பதிவுகளுக்கு இது உதவாது.

கிரெடிட் கார்டுக்கு பிரிட்டனில் இன்னொரு பலமும் உண்டு. 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு. பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் இருந்தால், விற்றவர் ஒப்பந்தத்தை மீறும்போது கார்டு தந்த வங்கியும் அவருக்குச் சமமாகப் பொறுப்பு. முழுத்தொகையும் கார்டில் கட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. 289 பவுண்ட் பொருளுக்கு 20 பவுண்ட் முன்பணம் மட்டும் கிரெடிட் கார்டில் போயிருந்தாலும் முழுத்தொகைக்கும் கேட்கலாம். விற்றவர் வெளிநாட்டில் இருந்தாலும் இது செல்லும் என்று 2007இல் பிரபுக்கள் சபை தீர்ப்பே சொல்லிவிட்டது. ஆனால் கார்டுக்கும் விற்பவருக்கும் நடுவில் ஒரு வாலட் நுழைந்துவிட்டால், அந்தச் சங்கிலி அறுந்தது என்று வங்கி மறுக்க இடமிருக்கிறது. அதனால் கார்டை வாலட்டில் இணைத்துவிட்டேன், பத்திரம் என்று நினைக்க வேண்டாம்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் விற்றவருக்கு ஒரு கடைசிக் கடிதம். அதற்கு முன் எழுதிய மூன்றும் "எப்போ வரும் சார்?" ரகம். அவற்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சொன்ன தேதிக்குப் பொருள் வராவிட்டால் நாம் நியாயமான ஒரு கெடு கொடுக்க வேண்டும். அதற்குள்ளும் வராவிட்டால் ஒப்பந்தம் முடிந்ததாக அறிவித்து முழுப்பணத்தையும் கேட்கலாம். செப்டம்பர் 2 அன்று நான் எழுதியது கிட்டத்தட்ட இதுதான்:

"பிப்ரவரி 10 அன்று இந்த ஆர்டருக்கு 289 பவுண்ட் கட்டினேன். ஜூன் 30க்குள் தருவதாக உங்கள் ஆர்டர் உறுதிக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பிறகு சொன்ன ஆகஸ்ட் 23ஆம் தேதியும் கடந்துவிட்டது. செப்டம்பர் 16க்குள் பொருள் என் கைக்கு வராவிட்டால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறேன், முழுத்தொகையையும் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் என் வங்கியிடம் கோருவேன்."

கோபம் இல்லை, புலம்பல் இல்லை. இந்தக் கடிதத்தின் உண்மையான வாசகர் விற்றவர் இல்லை. நாளைக்கு நம் கோப்பைத் திறக்கப் போகும் வங்கி ஊழியர். அவருக்கு வேண்டியது தேதியும் தொகையும் மட்டும்தான். இன்னொன்று, விற்றவர் புதிய தேதி சொன்னால் "ஓகே, காத்திருக்கிறேன்" என்று பதில் போட்டுவிடாதீர்கள். நீங்களே தேதியை மாற்ற ஒத்துக்கொண்டீர்கள் என்று அதை உங்களுக்கு எதிராகக் காட்டலாம்.

பதில் வரவில்லை. செப்டம்பர் 17 அன்று வங்கிக்குப் புகார் அனுப்பினேன். கூடவே நான்கு இணைப்புகள்: ஜூன் 30 தேதி உள்ள ஆர்டர் உறுதிக் கடிதம், ஜூலை 12 தாமதக் கடிதம், என் கடைசிக் கடிதம், கார்டு கணக்கில் அந்த வரவு செலவு வரி. ஆர்டர் செய்த அன்றே விற்பனைப் பக்கத்தையும் படம் பிடித்து வைத்திருக்க வேண்டும். நான் வைக்கவில்லை. செப்டம்பரில் போய்ப் பார்த்தபோது அந்தப் பக்கத்தில் தேதியே இல்லை, "விரைவில்" என்று மாற்றியிருந்தார்கள். உறுதிக் கடிதத்தில் தேதி இருந்ததால் தப்பித்தேன்.

வங்கியிலிருந்து போன் செய்தவர் எடுத்த எடுப்பில், "120 நாள் முடிந்துவிட்டதே" என்றார். பணம் கட்டிய நாளிலிருந்து எண்ணியிருக்கிறார். "அப்படி எண்ணினால் ஜூன் 9ஆம் தேதியே கெடு முடிகிறது. பொருள் வர வேண்டியதே ஜூன் 30. வர வேண்டிய நாளுக்கு முன்னால் வரவில்லை என்று எப்படிப் புகார் செய்வது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மேலதிகாரியைக் கேட்டு வந்து, புகாரை எடுத்துக்கொண்டார். சார்ஜ்பேக் தோற்றால் 75ஆம் பிரிவின் கீழும் இதே புகாரைப் பார்க்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டேன். அதற்கு அவசியம் வரவில்லை. விற்றவர் வங்கிக்கும் பதில் சொல்லவில்லை. அக்டோபர் கடைசி வாரம் பணம் கணக்கில் ஏறியது. வங்கி மறுத்திருந்தால் முறைப்படி புகார் கொடுத்து, எட்டு வாரத்தில் தீராவிட்டால் நிதி ஆம்புட்ஸ்மன் அலுவலகத்துக்குப் போகலாம். நமக்கு அது இலவசம்.

அத்தானும் அதே கடிதத்தை அதே நாளில் விற்றவருக்கு அனுப்பினார். வாலட்டுக்கும் எழுதினார். மறுநாளே பதில் வந்தது: ஆகஸ்ட் 8 அன்று அவகாசம் முடிந்துவிட்டது, வருந்துகிறோம். வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போன பணம் என்பதால் சார்ஜ்பேக்கும் இல்லை, 75ஆம் பிரிவும் இல்லை. விற்றவர்மேல் வழக்குப் போடச் சட்டப்படி உரிமை இருக்கிறது. ஆனால் நிறுவனத்தின் முகவரி வேறு நாட்டில். 289 பவுண்டுக்காக அங்கே யார் போவது?

ஜூலையில் அவர் வாலட்டில் புகார் போட்டிருந்தால் போதும், பொருள் வந்த பிறகு அதை முடித்துக்கொண்டிருக்கலாம். புகார் போட்டால் சண்டை என்று நம்மவர்களுக்கு ஒரு தயக்கம். அது சண்டை இல்லை, இடம் பிடித்து வைப்பது. ஒரே எச்சரிக்கை, "புகாரை மூடுங்கள், உடனே அனுப்புகிறோம்" என்று விற்பவர் கெஞ்சினால், பொருளோ பணமோ கைக்கு வரும்வரை மூடாதீர்கள். மூடிய புகாரை அந்த வாலட்டில் மறுபடி திறக்க முடியாது.

இப்போது முன்பதிவு செய்தால் அன்றைக்கே காலண்டரில் இரண்டு தேதி குறிக்கிறேன். பொருள் வர வேண்டிய நாள், புகார் செய்யக் கடைசி நாள். இரண்டாவது தேதி முதல் தேதிக்கு முன்னால் வந்தால் அந்த வழியில் பணம் கட்டுவதில்லை.

தீபாவளிக்கு லெஸ்டர் போனபோது, எனக்கு வந்த பணத்தில் பாதியை அத்தானிடம் நீட்டினேன். வாங்கவில்லை. "காசு கெடக்கட்டும் மாப்ளே. அடுத்த தடவ பொறுங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி, எத்தன நாள்னு எண்ணிட்டுச் சொல்லு" என்றார். அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.