பொட்டலத்தைப் படமெடுத்தால் விவரம் வரும், எண் சரிதானா?

தாராவி, மாதுங்கா பகுதிகளில் அப்பளம், ஊறுகாய், முறுக்கு வியாபாரம் செய்யும் நம்மவர் சிலர் இப்பொழுது இணைய அங்காடிகளிலும் சரக்கு விற்கிறார்கள். அங்கே ஒவ்வொரு சரக்குக்கும் பெயர், நிகர எடை, விலை, தயாரிப்பாளர் முகவரி, உணவு உரிம எண் என்று பல கட்டங்களை நிரப்பியாக வேண்டும். பொட்டலத்தைப் படமெடுத்துக் கொடுத்தால், கணினியே எழுத்துக்களைப் படித்துக் கட்டங்களை நிரப்பிவிடும் முறை இதற்கு உதவுகிறது.

கணினி முதலில் படத்தில் எழுத்து இருக்கும் இடங்களைக் கண்டுபிடித்து, வரி வரியாகப் படிக்கிறது. 'நிகர எடை' என்ற சொல்லைக் கண்டதும், அதை அடுத்துள்ள எண்ணை எடைக்கான கட்டத்தில் போடுகிறது. ஆகவே பொட்டலத்தைச் சுருக்கமின்றி நீவி, விளக்கொளி பளபளக்காமல் நேராகப் படமெடுக்க வேண்டும்.

அச்சகத்தில் அச்சான பெயரும் முகவரியும் பெரும்பாலும் சரியாகவே வந்துவிடும். தொல்லை கொடுப்பவை விலையும் தேதியும்தான். பல பொட்டலங்களில் இவை, சரக்கை அடைக்கும்போது புள்ளி புள்ளியாக மை தெளித்துப் பதிக்கப்படுபவை. புள்ளிகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தால் 8 என்பது 3 ஆகத் தெரியும். பைசாவுக்கு முன்னுள்ள புள்ளி விழுந்துவிடும். படத்தைச் சற்றே மங்கலாக்கினால் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி, எழுத்து தெளிவாகும்.

பிழையைக் கண்டுபிடிக்கப் பொட்டலத்திலேயே வழி உண்டு. 200 கிராம் ஊறுகாயின் விலை ரூ. 90.00 என்று வைத்துக்கொள்வோம். பல பொட்டலங்களில் இப்பொழுது கிராம் ஒன்றுக்கான விலையும் அச்சாகிறது. இங்கே அது 45 காசு. 200-ஐ 45 காசால் பெருக்கினால் 90 ரூபாய் வர வேண்டும். கணினி விலையை 9000 என்று படித்திருந்தாலும், எடையை 20 என்று படித்திருந்தாலும் கணக்கு உதைக்கும். உரிம எண்ணில் 14 இலக்கங்கள் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பிழைதான்.

பட்டைக்கோட்டின் கீழுள்ள 13 இலக்க எண்ணில் கடைசி இலக்கமே காவலாளி. 8901234567890 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் 12 இலக்கங்களில் ஒற்றை இடங்களில் இருப்பவற்றின் கூட்டுத்தொகை 28. இரட்டை இடங்களின் கூட்டுத்தொகை 34. அதன் மும்மடங்கு 102. மொத்தம் 130. அடுத்த பத்தின் மடங்கை எட்ட எதுவும் தேவையில்லை. எனவே கடைசி இலக்கம் 0. முதல் இலக்கமான 8-ஐக் கணினி 3 என்று படித்தால் மொத்தம் 125 ஆகி, கடைசி இலக்கம் 5 என்று கேட்கும், பிழை அகப்பட்டுவிடும். ரயில் வேகன்களின் 11 இலக்க எண்ணிலும் கடைசி இலக்கம் இதே வேலையைத்தான் செய்கிறது.

ஆனால் சேர்மானப் பட்டியலுக்கு இத்தகைய காவலாளி கிடையாது. சைவ உணவைக் குறிக்கும் பச்சை வட்டம் எழுத்தே அல்ல. எழுத்தை மட்டும் படிக்கும் கணினிக்கு அது தெரியாது. வேர்க்கடலை, எள் ஒவ்வாதவர்கள் அந்தப் பட்டியலை நம்பித்தான் வாங்குவார்கள். ஆகவே அந்த இரண்டு கட்டங்களை மட்டும் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணால் ஒப்பிட்ட பிறகே வெளியிட வேண்டும்.