சராசரி 15 சதவீதம், கையில் கிடைத்தது அரை சதவீதம்கூட இல்லை

சென்செக்ஸின் மூன்று வருடக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 2007 டிசம்பர் கடைசியில் அது 20,287 புள்ளிகளில் முடிந்தது. 2008இல் உலகச் சந்தைகளோடு சேர்ந்து சரிந்து 9,647க்கு வந்தது. 2009இல் துள்ளி எழுந்து 17,465. 2010 முடிவில் 20,509.

இதையே சதவீதத்தில் சொன்னால், முதல் வருடம் 52.45 இறக்கம், அடுத்த வருடம் 81.03 ஏற்றம், மூன்றாம் வருடம் 17.43 ஏற்றம். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 15.34. ஆக, "சென்செக்ஸ் இந்த மூன்று வருடங்களில் ஆண்டுக்குச் சராசரியாக 15.34 சதவீதம் தந்தது" என்று ஒருவர் எழுதினால் அதில் கூட்டல் பிழை எதுவும் இல்லை.

ஆனால் முதலும் கடைசியுமான எண்களைப் பாருங்கள். 20,287இல் ஆரம்பித்து 20,509இல் நிற்கிறது. ஒரு லட்சம் போட்டவருக்கு மூன்று வருடம் கழித்து 1,01,095 ரூபாய்தான் இருக்கும். வருடத்துக்கு 15.34 சதவீதம் உண்மையிலேயே வளர்ந்திருந்தால் அது 1,53,440 ஆகியிருக்க வேண்டும். மீதி ஐம்பத்திரண்டாயிரம் எங்கே போனது?

எங்கேயும் போகவில்லை. அது எப்போதுமே இருந்ததில்லை.

சதவீதத்துக்குத் தனியாக ஒரு மதிப்பு கிடையாது. அது எந்தத் தொகையின் மேல் நிற்கிறது என்பதுதான் முக்கியம். 2008இன் 52 சதவீதம் ஒரு லட்சத்தின் மேல் விழுந்தது, கிட்டத்தட்ட 52,450 ரூபாயைக் கொண்டுபோனது. 2009இன் 81 சதவீதம் மிச்சமிருந்த 47,550 ரூபாயின் மேல்தான் வந்தது, அதனால் அது கொடுத்தது சுமார் 38,530. எண்ணில் 81 பெரியது, பணத்தில் 52 பெரியது. சராசரி எடுக்கும்போது இரண்டையும் ஒரே தட்டில் போட்டு நிறுத்துவிடுகிறோம்.

வருட வருமானங்கள் ஒன்றோடொன்று கூடுவதில்லை, பெருகுகின்றன. 0.4755 × 1.8103 × 1.1743 என்று பெருக்கினால் சுமார் 1.011 வரும். இதற்குக் கனமூலம் எடுத்தால், "ஒவ்வொரு வருடமும் ஒரே அளவு வளர்ந்திருந்தால் எவ்வளவு வளர்ந்திருக்க வேண்டும்" என்பதற்குப் பதில் கிடைக்கும். அதுதான் கூட்டு ஆண்டு வளர்ச்சி விகிதம், எல்லோரும் சி.ஏ.ஜி.ஆர் என்று சொல்வது. இங்கே அது 0.36 சதவீதம். விரிதாளில் இப்படிப் போட்டுப் பார்க்கலாம்:

```
=AVERAGE(-52.45%, 81.03%, 17.43%)
=(20509.09/20286.99)^(1/3)-1
=GEOMEAN(0.4755, 1.8103, 1.1743)-1
```

முதல் வரி 15.34 தரும். அடுத்த இரண்டும் 0.36 தரும். பள்ளியில் படித்த கூட்டுச் சராசரியும் பெருக்குச் சராசரியும்தான் இவை. பெருக்குச் சராசரி ஒருபோதும் கூட்டுச் சராசரியைத் தாண்டாது, எல்லா எண்களும் ஒன்றாக இருந்தால் மட்டுமே இரண்டும் சமம் என்று அப்போது மனப்பாடம் செய்திருப்போம். வங்கியில் எஃப்.டி போட்டால் வருடா வருடம் அதே வட்டி என்பதால் அங்கே இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. சந்தைக்கு வந்த பிறகுதான் வம்பு.

இடைவெளி எவ்வளவு பெரிதாகும் என்பது ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தது. ஒரு முதலீடு ஒரு வருடம் 10 சதவீதம் ஏறி, மறு வருடம் 10 சதவீதம் இறங்குகிறது என்று வையுங்கள். சராசரி பூஜ்யம். ஆனால் 1.1 × 0.9 = 0.99. அதாவது வருடத்துக்கு அரை சதவீத நஷ்டம். இதையே 20 ஏறி 20 இறங்குவதாக மாற்றினால் 0.96, வருடத்துக்கு 2 சதவீத நஷ்டம். 40 ஏறி 40 இறங்கினால் 0.84, வருடத்துக்கு 8.35 சதவீத நஷ்டம். சராசரி மூன்றிலும் பூஜ்யமேதான். அந்தக் கடைசி ஆட்டம் பத்து வருடம் தொடர்ந்தால் ஒரு லட்சம் சுமார் 41,800 ஆகிவிடும்.

கவனித்தீர்களா? ஆட்டம் இரண்டு மடங்கானால் நஷ்டம் இரண்டு மடங்கு ஆகவில்லை, ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகிறது. காரணம் எளிது. (1+x)(1−x) என்பதை விரித்தால் 1−x². ஏறியதும் இறங்கியதும் அடித்துக்கொண்டு போய்விட, ஒரு வர்க்கம் மட்டும் கழிவாக மிஞ்சுகிறது. கடன் வாங்கிப் பங்கில் போடுபவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம். இரண்டு மடங்கு பணத்தை இறக்கினால் சராசரி வருமானம் இரண்டு மடங்காகும், கழிவு நான்கு மடங்காகும். கடன் வட்டி தனி.

இதிலிருந்து ஒரு கைக்கணக்கு பிறக்கிறது:

```
CAGR ≈ சராசரி − (திட்ட விலக்கம்)² / 2
```

நம் மூன்று வருடங்களுக்குத் திட்ட விலக்கம் சுமார் 54.5 சதவீதம், அதாவது 0.545. அதன் வர்க்கம் 0.297, பாதி 0.149. சராசரி 0.153இலிருந்து கழித்தால் 0.005 அளவுக்கு வரும், அதாவது அரை சதவீதம். உண்மையான 0.36க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் இவ்வளவு பெரிய ஆட்டத்தில் இது பொருந்தியது கொஞ்சம் அதிர்ஷ்டமும்கூட. ஒரு வருடம் 100 ஏறி மறு வருடம் 50 இறங்கினால் பணம் போட்ட இடத்துக்கே திரும்பும், சி.ஏ.ஜி.ஆர் பூஜ்யம். இந்தச் சூத்திரமோ 3 சதவீத நஷ்டம் என்று சொல்லும். ஏற்ற இறக்கம் இருபது சதவீதத்துக்குள் இருக்கும் வரை இதை நம்பலாம். அதற்கு மேல் போனால் பெருக்கிப் பார்த்துவிடுவதே நல்லது.

இதெல்லாம் கணக்குப் புத்தக விஷயம்தானே என்று தோன்றலாம். என் பெரியப்பாவுக்கு 2015 ஆரம்பத்தில் ஓய்வுகாலப் பணம் வந்தது. ஒரு முகவர் அவரிடம் கையால் எழுதிய ஒரு தாளைக் கொடுத்திருந்தார். சென்செக்ஸின் கடந்த ஏழு வருட வருமானம் வரிசையாக இருந்தது: −52.45, 81.03, 17.43, −24.64, 25.70, 8.98, 29.89. கீழே கோடு போட்டு, "சராசரி 12.28%".

"பாங்க்ல எட்டு தர்றான் தம்பி, இதுல பன்னெண்டு. விழுந்த வருஷத்தைக்கூட மறைக்காம எழுதியிருக்கான் பாரு" என்றார் பெரியப்பா. அவருக்கு நம்பிக்கை வந்ததே அந்த நேர்மையால்தான். தாளில் ஒரு எண்கூடப் பொய் இல்லை என்பதும் உண்மை.

"பெரியப்பா, 2007 முடிவுல எவ்வளவு, 2014 முடிவுல எவ்வளவு, அதை மட்டும் பாருங்க" என்றேன். 20,287 என்பது 27,499 ஆகியிருந்தது. ஒரு லட்சம் 1,35,550. சி.ஏ.ஜி.ஆர் 4.44 சதவீதம். அந்த ஏழு வருடமும் வங்கியில் 8 சதவீதக் கூட்டு வட்டியில் இருந்திருந்தால் 1,71,380 ஆகியிருக்கும். தாளில் இருந்த 12.28ஐ நம்பினால் 2,25,000 வரை எதிர்பார்க்கத் தோன்றும். ஒப்பீடே தலைகீழாகிவிட்டது. நியாயமாகச் சொன்னால், சென்செக்ஸ் எண்ணில் டிவிடெண்ட் சேராது. அதற்கு வருடம் ஒன்று, ஒன்றரை சதவீதம் கூட்டிக்கொள்ள வேண்டும். வங்கி வட்டிக்கு வரியும் உண்டு. இரண்டையும் சேர்த்தாலும் 12.28 வராது.

ஏழு வருடத்தில் எட்டு சதவீதப் புள்ளி இடைவெளி. அதில் பெரும்பங்கு 2008, 2009 என்ற இரண்டே வருடங்களின் வேலை. மியூச்சுவல் ஃபண்டுகள் ஓராண்டுக்கு மேற்பட்ட வருமானத்தை விளம்பரத்தில் சி.ஏ.ஜி.ஆராகத்தான் காட்ட வேண்டும் என்று செபி விதி வைத்திருப்பது இதற்காகத்தான். கையால் எழுதிய தாளுக்கும் வாட்ஸப்பில் வரும் படத்துக்கும் அந்த விதி எட்டுவதில்லை. அப்படி ஒன்று வந்தால் வருட வாரி சதவீதங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். போட்ட தொகை எவ்வளவு, முடிந்த தொகை எவ்வளவு, எத்தனை வருடம் என்று மூன்றே எண்களைக் கேளுங்கள்.

அதற்காகக் கூட்டுச் சராசரி உதவாக்கரை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அடுத்த ஒரே ஒரு வருடத்துக்கு என்ன எதிர்பார்க்கலாம் என்ற கேள்விக்கு அதுதான் இயல்பான விடை. ஒரு வருடத்தில் பெருக்கிக்கொள்ள முந்தைய வருடம் எதுவும் இல்லையே. அந்த எண்ணையே எடுத்துப் பத்து வருடத்துக்கு நீட்டும்போதுதான் தவறு நுழைகிறது.

பெரியப்பாவிடம் நான் அன்று இன்னொன்றையும் சொன்னேன், என் கட்சிக்கு எதிராகவே. 4.44 என்ற எண்ணும் முழு உண்மை இல்லை. சி.ஏ.ஜி.ஆர் இரண்டு முனைகளை மட்டுமே பார்க்கும், நடுவில் நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. 2007 டிசம்பர் என்பது சந்தை உச்சிக்குப் பக்கத்தில் நின்ற நேரம். ஆரம்பத்தை ஒரே ஒரு வருடம் தள்ளி 2008 டிசம்பரில் வைத்தால், 9,647 ஆறு வருடத்தில் 27,499 ஆகிறது, சி.ஏ.ஜி.ஆர் 19 சதவீதம். அதே சந்தைதான், முடிவும் அதே நாள்தான். சராசரியை வைத்து ஏமாற்றத் தெரியாதவர்கள் தொடக்கத் தேதியை வைத்து ஏமாற்றுவார்கள். அதனால் ஒரே ஒரு காலகட்டத்தின் சி.ஏ.ஜி.ஆரை மட்டும் காட்டினால், ஆரம்பத்தை ஒரு வருடம் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்க வேண்டும். எண் அதிகம் அசையாவிட்டால் நம்பலாம்.

இன்னொரு இடத்தில் இரண்டு எண்களுமே உதவாது. மாதா மாதம் எஸ்.ஐ.பி போடுபவரின் பணம் ஒரே நாளில் போட்டது அல்ல. முதல் தவணை ஏழு வருடம் வேலை செய்திருக்கும், கடைசித் தவணை ஒரு மாதம்தான். மொத்தமாகப் போட்ட பணத்துக்கு எந்த வருடம் முதலில் வந்தது என்பது பொருட்டில்லை, பெருக்கலில் வரிசை மாறினால் விடை மாறாதே. தவணைக்காரருக்கு வரிசை ரொம்ப முக்கியம். 2008 முதலில் வந்தால் மலிவாக வாங்கிச் சேர்த்திருப்பார், கடைசியில் வந்தால் சேர்த்ததெல்லாம் பாதியாகும். அவர் ஒவ்வொரு தவணையின் தேதியையும் தொகையையும் விரிதாளில் போட்டு `XIRR` எடுக்க வேண்டும்.

பெரியப்பா பாதியை வங்கியில் போட்டார். மீதிப் பாதியை என்ன செய்தார் என்று அந்த முகவருக்குத்தான் தெரியும்.